சிறு உணவகத்தில் வேலை நேரம், மிகைநேரம், சம்பளக் கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலிலும் கன்னியாகுமரியிலும் பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும் சில உணவகங்களுக்கு நான் சம்பளக் கணக்கு எழுதித் தருகிறேன். கார்த்திகை பிறந்து சபரிமலைப் பருவம் தொடங்கியதும் இந்தக் கடைகளிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே முதலில் வைத்து, கீழே விடை எழுதியிருக்கிறேன். உதாரணத்தில் வரும் சம்பளத் தொகை கணக்குப் போட எளிதாக இருக்கட்டும் என்று நானே வைத்துக்கொண்டது.

எங்கள் கடையில் எட்டுப் பேர்தான். ஆள் வந்தாரா, வரவில்லையா என்று நோட்டில் டிக் அடித்தால் போதாதா?

போதாது. டிக் அடித்த நோட்டு அவர் அன்று வந்தார் என்பதை மட்டுமே சொல்லும். எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. நம் கடைகளில் வேலை ஒரே நீட்டாக நடப்பதில்லை. சூரிய உதயம் பார்க்க வருபவர்களுக்காக அதிகாலை நான்கரைக்கே டீயும் இட்லியும் தயாராக வேண்டும்; பத்து, பத்தரைக்குக் கூட்டம் வடிந்ததும் ஆட்கள் அறைக்குப் போய்ப் படுத்து, மாலை ஐந்துக்குத் திரும்பி வருவார்கள். ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு நாளைக்கு நான்கு நேரங்கள் எழுதப்பட வேண்டும்: காலையில் வந்தது, காலையில் முடித்தது, மாலையில் வந்தது, மாலையில் முடித்தது. பக்கத்தின் ஓரத்தில் அந்த ஆளின் கையெழுத்துக்கு ஓர் இடமும் வேண்டும்.

நேரத்தை அந்த நொடியிலேயே எழுத வேண்டும் என்பதை நான் வற்புறுத்துவேன். இரவு கல்லாவை எண்ணி முடித்த பிறகு நினைவிலிருந்து எழுதும் நோட்டில் எல்லோருக்கும் 4:30, 10:30, 5:00, 9:00 என்றே வரிசையாக இருக்கும். ஒரு மாதம் முழுவதும் ஒரு நிமிடம்கூட மாறாமல் இருக்கும் நோட்டைப் பார்த்தாலே அது பிறகு எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும். தகராறு என்று வந்தால் அந்த நோட்டை யாரும் நம்ப மாட்டார்கள். வட மாநிலங்களிலிருந்து வந்த ஆட்கள் தமிழ் எழுத்து படிக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் எண்ணைப் படிப்பார்கள். எனவே நேரத்தை எண்ணால் எழுதி, அவர்கள் கண்முன்னே எழுதினால் மொழி ஒரு தடையாக இருக்காது.

எதை வேலை நேரமாகச் சேர்ப்பது, எதை விடுவது? நடுவில் ஆறு மணி நேரம் சும்மாதானே இருக்கிறார்கள்?

அந்த ஆறு மணி நேரத்தில் அவர் விருப்பப்படி தூங்கலாம், கடற்கரைக்குப் போகலாம், வீட்டுக்குப் போகலாம் என்றால் அது வேலை நேரம் அல்ல. ஆனால் அறை கடையின் மாடியிலேயே இருப்பதால், பதினொன்றரைக்குக் காய்கறி வண்டி வந்ததும் மேலே குரல் கொடுத்து இறக்கச் சொல்வதும், இரண்டு மணிக்கு வெங்காயம் உரிக்க உட்கார வைப்பதும் பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. அப்படிக் கூப்பிட்ட நேரம் முழுவதும் வேலை நேரம்தான். அதற்கு நோட்டில் தனி வரி வேண்டும்.

இதைவிட அதிகமாக விடுபடுவது தொடக்கமும் முடிவும். பரோட்டா மாஸ்டரின் கல் ஆறு மணிக்குத்தான் சூடாகிறது. ஆனால் அவர் மூன்றரைக்கே வந்து மைதாவைப் பிசைந்து, ஊற வைத்து, உருண்டை பிடித்து, எண்ணெய் தடவி வைத்திருப்பார். முதல் பரோட்டா விழுந்த நேரத்தை வருகை நேரமாக எழுதினால் தினமும் இரண்டரை மணி நேரம் காணாமல் போகும். அதேபோல ஷட்டரை இறக்கிய நேரம் முடிந்த நேரமல்ல. அதன் பிறகு தரை கழுவி, பாத்திரம் துலக்கி, மாவு எடுத்து வைக்க முக்கால் மணி நேரம் ஆகும். கிளீனரின் கணக்கில் இந்த முக்கால் மணிதான் எப்போதும் குறைகிறது, ஏனென்றால் நேரம் எழுதும் கேஷியர் அவருக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்.

மிகைநேரம் எதிலிருந்து தொடங்குகிறது? நாள் கணக்கா, வாரக் கணக்கா?

இரண்டும் பார்க்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டத்தின்படி ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ஒரு வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது சாதாரண வேலை நேரம். அதற்கு மேல் போனால் மிகைநேரம். அதற்குச் சாதாரண விகிதத்தைப் போல இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பும் மிகைநேரத்துக்கு இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது என்றே சொல்கிறது.

பலர் நாள் வரம்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு வார வரம்பை மறந்துவிடுகிறார்கள். ஒருவர் ஆறு நாளும் தினமும் எட்டரை மணி நேரம் வேலை செய்தால் எந்த நாளிலும் ஒன்பதைத் தாண்டவில்லை. ஆனாலும் வாரம் 51 மணி நேரம் ஆகிறது. மூன்று மணி நேரம் மிகைநேரம் இருக்கிறது. ஆகவே கணக்கின் அலகு வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் ஞாயிறு வரை என்று ஒருமுறை முடிவு செய்தால், பிறகு அதை மாற்றக் கூடாது.

ஒரு ஆளின் ஒரு வாரக் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்ட முடியுமா?

கன்னியாகுமரியில் கடற்கரைக்குப் போகும் வழியில் உள்ள ஒரு சிறு சைவ உணவகத்தின் சப்ளையர் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 15,600 ரூபாய், வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. மார்கழியில் ஒரு வாரம் அவருடைய நோட்டு இப்படி இருக்கிறது.

திங்கள் காலை 4:30 முதல் 10:15 வரை, மாலை 5:00 முதல் 8:45 வரை. அது 9 மணி 30 நிமிடம். செவ்வாய் விடுமுறை. புதன் காலை 4:30 முதல் 10:00 வரை, மாலை 5:00 முதல் 7:30 வரை, 8 மணி. வியாழன் காலை அதே, மாலை 8:00 வரை, 8 மணி 30 நிமிடம். வெள்ளி காலை 10:30 வரை, மாலை 8:30 வரை, 9 மணி 30 நிமிடம். சனி காலை 11:00 வரை, மாலை 8:00 வரை, மறுபடியும் 9 மணி 30 நிமிடம். ஞாயிறு காலை 10:30 வரை, மாலை 7:30 வரை, 8 மணி 30 நிமிடம். மொத்தம் 53 மணி 30 நிமிடம்.

இனி மணி விகிதம். மாதத்தை 26 வேலை நாளாகக் கொண்டு வகுப்பதே வழக்கம்: 15,600 ஐ 26 ஆல் வகுத்தால் நாளுக்கு 600 ரூபாய். வாரம் 48 மணி நேரம் ஆறு நாளில் என்றால் சராசரி எட்டு மணி. 600 ஐ 8 ஆல் வகுத்தால் மணிக்கு 75 ரூபாய். மிகைநேர மணிக்கு 150 ரூபாய்.

நாள் வரம்பைத் தாண்டியது திங்கள், வெள்ளி, சனி ஆகிய மூன்று நாளில் அரை அரை மணி, ஆக ஒன்றரை மணி. வார வரம்பைத் தாண்டியது 53.5 கழித்தல் 48, ஆக ஐந்தரை மணி. இந்த இரண்டையும் கூட்டக் கூடாது. அந்த ஒன்றரை மணி ஏற்கனவே வார மொத்தத்துக்குள் இருக்கிறது. கூட்டினால் அது இரண்டு முறை எண்ணப்படும். இரண்டில் எது பெரியதோ அதுதான் அந்த வாரத்தின் மிகைநேரம். இங்கே ஐந்தரை மணி. 150 ஆல் பெருக்கினால் 825 ரூபாய். நாள் வரம்பை மட்டும் பார்த்திருந்தால் 225 ரூபாய்தான் கொடுத்திருப்பீர்கள்; இரண்டையும் கூட்டியிருந்தால் 1,050 ரூபாய் போயிருக்கும்.

விடுப்பு எடுத்த வாரத்தில் இந்த விதி எப்படிப் பயன்படுகிறது என்பதையும் பாருங்கள். அவர் இரண்டு நாள் வராமல், மீதி நாளில் ஒரு நாள் 11 மணி நேரம் வேலை செய்திருந்தால், வார மொத்தம் 48க்குள் அடங்கிவிடும். ஆனாலும் அன்றைய இரண்டு மணி மிகைநேரம்தான். அங்கே நாள் வரம்பின் எண் பெரியதாக இருக்கும், அதையே எடுக்க வேண்டும்.

கால்குலேட்டரில் கூட்டினால் ஒவ்வொரு முறையும் வேறு தொகை வருகிறது. எங்கே தவறுகிறோம்?

நான் பார்த்த பிழைகளில் மிக அதிகமானது இதுதான். இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இல்லை. 9 மணி 30 நிமிடத்தை நோட்டில் 9.30 என்று எழுதுகிறோம். அதை அப்படியே கால்குலேட்டரில் தட்டினால் அது ஒன்பதே முக்கால் அல்ல, ஒன்பதரையும் அல்ல. ஒன்பது மணி 18 நிமிடம். அரை மணி நேரம் என்பது 0.30 அல்ல, 0.50.

மேலே உள்ள வாரத்தையே 9.30, 8.00, 8.30, 9.30, 9.30, 8.30 என்று கூட்டிப் பாருங்கள். 52.50 வரும். 48 ஐக் கழித்தால் 4.50, 150 ஆல் பெருக்கினால் 675 ரூபாய். சரியான தொகை 825. ஒரே வாரத்தில் ஒரே ஆளுக்கு 150 ரூபாய் குறைகிறது, நான்கு வாரத்தில் 600 ரூபாய், அதாவது அவருடைய ஒரு நாள் கூலி. சில ஆண்டுகளுக்கு முன் நானே ஒரு கடைக்கு மூன்று மாதம் இப்படித் தவறாகக் கூட்டிக் கொடுத்திருந்தேன். சம்பளம் வாங்கிய ஒரு மாஸ்டர்தான் தன் சொந்தக் கணக்கைத் தாளில் எழுதி வந்து காட்டினார். பாக்கியை எல்லோருக்கும் கொடுக்க வைத்தோம். அன்றிலிருந்து நோட்டில் புள்ளி வைத்து நேரம் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். இரட்டைப் புள்ளி, அல்லது நிமிடமாகவே எழுதுவது. நிமிடங்களைக் கூட்டிக் கடைசியில் 60 ஆல் வகுத்தால் பிழை வர வழியில்லை.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. கால் மணிக்கு முழுமையாக்கி எழுதும் கடையில், பதின்ம எண்ணாக மாற்றிய நேரம் .00, .25, .50, .75 என்றுதான் முடிய வேண்டும். ஒருவரது தினசரி நேரங்களில் .15, .30, .45 என்ற முடிவுகள் தெரிந்தால் அவை மாற்றப்படாத நிமிடங்கள்.

எக்ஸெலில் போட்டால் இரவு ஒரு மணிக்குக் கடை மூடும் நாளில் கணக்கு கழித்தல் குறியோடு வருகிறது. என்ன செய்வது?

வடசேரி பேருந்து நிலையத்தின் பக்கம் இரவுக் கடை நடத்துபவர்கள் இதை அதிகம் கேட்கிறார்கள். மாலை 5:00க்கு வந்து இரவு 1:00க்கு முடித்தால், 1:00 என்ற எண் 17:00 என்ற எண்ணைவிடச் சிறியது என்பதால் கழித்தல் வருகிறது. B, C பத்திகளில் காலை நேரங்களும், D, E பத்திகளில் மாலை நேரங்களும் 24 மணி முறையில் இருந்தால், F பத்தியில் இதை எழுதுங்கள்:

```
=ROUND((MOD(C2-B2,1)+MOD(E2-D2,1))*24,2)
```

நள்ளிரவைத் தாண்டினாலும் இது சரியான மணி நேரத்தைப் பதின்ம எண்ணாகத் தரும். விடுமுறை நாளின் நேரக் கட்டங்களை வெறுமையாக விட்டால் பூஜ்யம் வரும். ஏழு நாளுக்கும் F2 முதல் F8 வரை நிரம்பிய பிறகு, வார மிகைநேரத்துக்கு மேலே சொன்ன 'இரண்டில் பெரியது' விதியை இப்படி எழுதலாம்:

```
=MAX(SUM(F2:F8)-48,SUMPRODUCT((F2:F8>9)*(F2:F8-9)))
```

நள்ளிரவுக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தை மறுநாள் வரியில் எழுத வேண்டாம். வேலை தொடங்கிய நாளோடு அது சேர வேண்டும். பிரித்தால் நாள் வரம்பு தாண்டியது கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

சம்பளத்தை 30 ஆல் வகுப்பதா, 26 ஆல் வகுப்பதா? எங்கள் கடையில் 30தான் வழக்கம்.

30 ஆல் வகுத்தால் அதே சப்ளையரின் நாள் கூலி 520 ஆகவும், மணி விகிதம் 65 ஆகவும், மிகைநேர விகிதம் 130 ஆகவும் இறங்கிவிடும். அந்த வாரம் அவருக்கு 715 ரூபாய் கிடைக்கும். 110 ரூபாய் குறைவு. வார விடுமுறை நாளில் அவர் வேலை செய்வதில்லை என்பதால், வேலை நாளைக் கொண்டே நாள் கூலியைக் கணக்கிடுவதுதான் நியாயம்.

நான் கடுமையாக ஆட்சேபிக்கும் பழக்கம் ஒன்று உண்டு: மிகைநேரம் கொடுக்கும்போது 30 ஆல் வகுப்பதும், வராத நாளுக்குப் பிடிக்கும்போது 26 ஆல் வகுப்பதும். ஒரே ஆளின் ஒரே நாள், கொடுக்கும்போது 520 ரூபாயும் பிடிக்கும்போது 600 ரூபாயும் ஆக முடியாது. சம்பளச் சீட்டின் தலைப்பிலேயே நாள் விகிதத்தையும் மணி விகிதத்தையும் அச்சிட்டுவிட்டால் இந்த இரட்டை அளவு தானாகவே நின்றுவிடும்.

மாத நடுவில் சேர்ந்தவருக்கு வராத நாளைக் கழித்துப் போக வேண்டாம். வந்த நாளை எண்ணி 600 ஆல் பெருக்குங்கள். 27 வேலை நாள் வரும் மாதத்தில் கடைசி நாள் மட்டும் வந்தவருக்கு, 26 நாளைக் கழித்தால் சம்பளம் பூஜ்யமாகிவிடும்.

சீசனில் தினமும் நூறு ரூபாய் பேட்டா கொடுத்துவிடுகிறோம். அதுவே ஓவர்டைமுக்கு ஈடாகாதா?

மணி நேரத்தோடு தொடர்பில்லாத தொகை மிகைநேர ஊதியத்துக்கு ஈடாகாது. மேலே உள்ள வாரத்தில் ஆறு நாள் பேட்டா 600 ரூபாய். அவருக்குச் சேர வேண்டியது 825. தை பிறந்து கூட்டம் குறைந்த வாரத்தில் 48 மணி நேரத்தைத் தாண்டாதபோது அதே 600 ரூபாயைக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு வாரத்தையும் சராசரி போட்டு 'சரியாகிவிட்டது' என்று சொல்லவும் முடியாது, ஏனென்றால் ஒவ்வொரு வாரமும் தனித்தனியாகத் தீர வேண்டியது. பேட்டா கொடுப்பதாக இருந்தால் கொடுங்கள். அதற்கும் மிகைநேரத்துக்கும் சீட்டில் தனித்தனி வரி இருக்கட்டும்.

வார விடுமுறையிலும் பண்டிகை நாளிலும் கடை திறந்தால்?

வார விடுமுறையன்று வேலை வாங்கினால் மிகைநேர விகிதத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். பண்டிகை விடுமுறை அதிலிருந்து வேறு. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மேலும் ஐந்து பண்டிகை நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அந்த நாளில் வேலை செய்தவருக்கு இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் மாற்று விடுமுறை. நம் மாவட்டத்தில் ஒரே சமையலறையில் கிறிஸ்துமஸ், ஓணம், பொங்கல், ரம்ஜான் கொண்டாடுபவர்கள் சேர்ந்து வேலை செய்வதால், அந்த ஐந்து நாளை ஆட்களிடம் கேட்டு ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

வாரம் இரண்டு மாதத்துக்கு நடுவில் விழுந்தால் அந்த மிகைநேரம் எந்த மாதச் சம்பளத்தில்?

வாரத்தை உடைக்காதீர்கள். புதன்கிழமை மாதம் முடிகிறது என்று மூன்று நாளை இங்கும் நான்கு நாளை அங்கும் பிரித்தால், எந்தத் துண்டும் 48ஐத் தொடாது. வார மிகைநேரம் முழுவதும் மறைந்துவிடும். வாரம் முடியும் ஞாயிறு எந்த மாதத்தில் விழுகிறதோ அந்த மாதச் சம்பளத்தில் அதைச் சேருங்கள். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டுப் போகிறவருக்கு அந்தச் சலுகை இல்லை. இரண்டு வேலை நாட்களுக்குள் முழுக் கணக்கும் தீர வேண்டும். 'முதல் தேதி வந்து வாங்கிக்கொள்' என்று ஊருக்கு அனுப்புவது தவறு.

அட்வான்ஸ், உடைந்த கண்ணாடி டம்ளர், கல்லாவில் குறைந்த பணம், எல்லாவற்றையும் சம்பளத்தில் பிடிக்கலாமா?

அட்வான்ஸைப் பிடிக்கலாம். ஆனால் அதைச் சம்பளத்தில் குறைத்து எழுதாமல், முதலில் முழுச் சம்பளத்தையும் எழுதி, அதன் கீழ் 'அட்வான்ஸ் வரவு' என்று தனியாகக் கழிக்க வேண்டும். 3,000 ரூபாய் முன்பணம் வாங்கிய மாதத்தில் சம்பளம் 12,600 என்று எழுதிவிட்டால், ஓராண்டு கழித்துப் பார்ப்பவருக்கு அவர் சம்பளமே குறைக்கப்பட்டதாகத் தெரியும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாத ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு.

உடைந்த பொருளுக்கும் குறைந்த பணத்துக்கும், அது அந்த ஆளின் கவனக்குறைவால்தான் நேர்ந்தது என்றால் மட்டுமே பிடிக்கலாம். அதுவும் அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகுதான். கல்லாவில் மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கடையில் குறைந்த 400 ரூபாயை ஒருவர் தலையில் கட்டுவதற்கு எந்த ஆதாரமும் இருக்காது.

ஏப்ரலில் சம்பளத்தை மாற்ற வேண்டும் என்கிறார்களே, ஏன்?

உணவகத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் அரசு குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்திருக்கிறது. அது அடிப்படை ஊதியம், பஞ்சப்படி என்று இரண்டு பகுதி. பஞ்சப்படி நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 முதல் மாறும். உங்கள் ஆள் எந்தப் பணியில் இருக்கிறாரோ அந்தப் பணிக்கும் உங்கள் ஊருக்கும் உரிய தொகையைத் தொழிலாளர் துறை அறிவிப்பில் பார்த்து, அதற்குக் கீழே போகாமல் வைக்க வேண்டும். சம்பளத்தை உயர்த்திய பிறகு எக்ஸெலில் பழைய 75 ரூபாய் மணி விகிதத்தை மாற்ற மறப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. மணி விகிதத்தைக் கையால் எழுதாமல், சம்பளக் கட்டத்தை 208 ஆல் வகுக்கும் சூத்திரமாக வைத்தால் அது தானாகவே மாறிவிடும். 208 என்பது 26 நாள், நாளுக்கு 8 மணி.

பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எங்களுக்கு வருமா?

ஆள் எண்ணிக்கைதான் முதலில் தீர்மானிக்கும். ஈ.எஸ்.ஐ.க்குப் பத்துப் பேர், பி.எஃப்.க்கு இருபது பேர். எட்டுப் பேர் கடையில் சீசனுக்கு மூன்று பேரைச் சேர்த்தால் பதினொன்று ஆகிறது என்பதையும், பகுதிநேர ஆட்களும் தலைக்கணக்கில் வருவார்கள் என்பதையும் கவனியுங்கள். ஈ.எஸ்.ஐ. மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, ஆளிடமிருந்து 0.75 சதவீதம், கடையிலிருந்து 3.25 சதவீதம். 15,600 ரூபாய்க்கு அது முறையே 117 ரூபாயும் 507 ரூபாயும். கடையின் பங்கான 507ஐயும் சேர்த்து ஆளின் சம்பளத்தில் 624 ரூபாய் பிடித்த சீட்டை நான் பார்த்திருக்கிறேன். கடையின் பங்கை ஆளிடம் வாங்கக் கூடாது.

சம்பளச் சீட்டில் குறைந்தது என்னென்ன இருக்க வேண்டும்?

நம் சப்ளையருக்கு அந்த மாதத்தில் நான்கு வாரம் முடிந்து, மிகைநேரம் முறையே 5.5, 4, 6, 2.5 மணி வந்ததாக வைத்துக்கொண்டால், மொத்தம் 18 மணி, 2,700 ரூபாய். சீட்டில் மாதச் சம்பளம் 15,600, மிகைநேரம் 18 மணி, விகிதம் 150, தொகை 2,700, மொத்தம் 18,300, அட்வான்ஸ் வரவு 3,000, கையில் கொடுத்தது 15,300, கொடுத்த தேதி என்று இருக்க வேண்டும். மணியும் விகிதமும் தெரியாமல் '2,700' என்று மட்டும் இருந்தால் அவரால் சரிபார்க்க முடியாது. சீட்டின் ஒரு படியில் அவருடைய கையெழுத்தை வாங்கி, அந்த மாதத்தின் நேர நோட்டோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். வங்கியில் போட்டாலும் சீட்டு கொடுப்பதை விட்டுவிட வேண்டாம், ஏனென்றால் வங்கிக் கணக்கில் 15,300 என்ற ஒற்றை எண் மட்டுமே அவருக்குத் தெரியும்.